எஸ்எம்எஸ் ஓடிபியும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பும்: வித்தியாசம் எங்கே இருக்கிறது

"என் மெயில், வங்கி எல்லாவற்றுக்கும் எஸ்எம்எஸ்ஸில்தான் ஓடிபி வருகிறது. போன் எப்போதும் என் கையிலேயே இருக்கிறது, லாக்கும் போட்டிருக்கிறேன். இருந்தும் ஆத்தென்டிகேட்டர் ஆப்புக்கு மாறு என்கிறார்கள். அங்கேயும் ஆறு இலக்க எண்தானே, அப்படி என்ன வித்தியாசம்?"

போன் கையில் இருப்பது ஆப்புக்குத்தான் காவல். எஸ்எம்எஸ் ஓடிபிக்கு அது போதாது. அந்த எஸ்எம்எஸ் உங்கள் போனைத் தேடி வருவதில்லை. உங்கள் எண் அந்த நிமிடத்தில் எந்த சிம்மில் பதிவாகியிருக்கிறதோ, அந்த சிம்மைத் தேடிப் போகிறது. அது எந்த சிம் என்று முடிவு செய்வது மொபைல் நிறுவனம். அங்கே யாராவது ஏமாந்தாலோ விலைபோனாலோ, நீங்கள் போனை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே ஓடிபி வேறொருவர் கைக்குப் போய்விடும்.

இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். நீங்கள் எல்லோருக்கும் கொடுக்கும் போன் எண் சிம்மின் சொந்த அடையாளம் இல்லை. சிம்முக்கென்று ஐஎம்எஸ்ஐ என்ற தனி எண் ஒன்றும், அதோடு ஒரு ரகசியச் சாவியும் இருக்கின்றன. 'இந்தப் போன் எண்ணுக்கு இந்த ஐஎம்எஸ்ஐ' என்ற இணைப்பு, மொபைல் நிறுவனத்தின் தரவுத்தளத்தில் ஒரு பதிவாக இருக்கிறது. அந்தத் தரவுத்தளத்தை எச்எல்ஆர் என்பார்கள். உங்களுக்கு ஒரு எஸ்எம்எஸ் வர வேண்டுமென்றால், எஸ்எம்எஸ் மையம் முதலில் எச்எல்ஆரைக் கேட்கும்: இந்த எண்ணுக்கு உரிய சிம் எது, இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறது? வருகிற பதிலை அப்படியே நம்பி, செய்தியை அங்கே அனுப்பிவிடும். போன் எந்த மாடல், யார் கையில் இருக்கிறது, லாக் போட்டிருக்கிறதா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வரவே வராது.

சிம் தொலைந்துபோனால் அதே எண்ணுக்குப் புது சிம் வாங்குகிறோமே, அப்போது நடப்பது அந்த ஒரு பதிவு மாறுவதுதான். பழைய ஐஎம்எஸ்ஐயை எடுத்துவிட்டுப் புது சிம்மின் ஐஎம்எஸ்ஐயை எழுதுகிறார்கள். உடனே பழைய சிம்மில் சிக்னல் போய்விடும், அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் புது சிம்முக்கு வரத் தொடங்கும். இந்த வசதி எல்லோருக்கும் வேண்டியதுதான். போன் தொலைத்தவருக்கு எண் திரும்பக் கிடைக்கத்தானே வேண்டும்? ஆனால் அதே வசதியை உங்கள் பெயரில் வேறொருவர் போய்க் கேட்டால், அதைத்தான் சிம் மாற்று மோசடி என்கிறோம். அதைத் தடுக்க நிற்பது பெரும்பாலும் கடை ஊழியரோ கால் சென்டர் ஊழியரோ செய்யும் அடையாளச் சரிபார்ப்புதான்.

ஒரு நிஜச் சம்பவத்தைச் சொல்கிறேன். நீதிமன்றம் வரை போன வழக்கு என்பதால் விவரங்கள் தெளிவாக வெளிவந்திருக்கின்றன. அமெரிக்காவில் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு எஸ்இசி. 2024 ஜனவரி 9 அன்று அதன் அதிகாரபூர்வ எக்ஸ் கணக்கில் ஒரு பதிவு வந்தது: பிட்காயின் விலையைச் சார்ந்து பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் ஈடிஎஃப் என்ற முதலீட்டு நிதிகளுக்கு அனுமதி கொடுத்துவிட்டோம் என்று. பிட்காயின் விலை 1,000 டாலருக்கு மேல் ஏறியது. பதிவு பொய், கணக்கை யாரோ கைப்பற்றிவிட்டார்கள் என்று எஸ்இசி அறிவித்ததும் 2,000 டாலருக்கு மேல் சரிந்தது.

கைப்பற்றிய விதம் இதுதான். அந்தக் கணக்கோடு இணைத்திருந்த போன் எண் யாருடையது என்று கும்பலுக்குத் தெரிந்திருந்தது. அவர்களில் ஒருவர் அந்த எண்ணின் உரிமையாளருடைய விவரங்களை வைத்து, அட்டை அச்சிடும் சிறிய பிரின்டரில் போலி அடையாள அட்டை ஒன்றைத் தயார் செய்தார். அலபாமா மாநிலத்தில் ஒரு மொபைல் கடைக்குப் போய், போன் உடைந்துவிட்டது, புது சிம் வேண்டும் என்றார். சிம் கிடைத்தது. பிறகு ஒரு புது போனை வாங்கி அதில் அந்த சிம்மைப் போட்டார். எக்ஸ் கணக்குக்குள் போகத் தேவையான எண்கள் எஸ்எம்எஸ்ஸில் வந்தன. அவற்றைக் கூட்டாளிகளுக்கு அனுப்பிவிட்டு, போனைக் கடையில் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார். வைரஸ் அனுப்பவில்லை, எந்த சர்வரையும் உடைக்கவில்லை. எஸ்இசியின் கணினிகளுக்குள் நுழைந்ததற்கான அறிகுறியே இல்லை என்று எஸ்இசியே சொன்னது. கைமாறியது போன் எண் மட்டும்தான்.

இந்த வழக்கில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அந்தக் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு அப்போது இயங்கவே இல்லை. உள்ளே நுழைவதில் ஏதோ சிக்கல் என்று 2023 ஜூலையில் எஸ்இசி ஊழியர்கள் கேட்டுக்கொண்டதால் அதை அணைத்துவைத்திருந்தார்கள், திரும்பப் போடவில்லை. அதனால் கும்பலுக்குக் கடவுச்சொல்லே தெரிய வேண்டியிருக்கவில்லை. போன் எண் கையில் வந்ததும் 'கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்' வழியாகப் போய், எஸ்எம்எஸ்ஸில் வந்த எண்ணைப் போட்டு, புதுக் கடவுச்சொல் வைத்துவிட்டார்கள். இரண்டாவது பூட்டு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் போன் எண், அங்கே ஒரே சாவியாக வேலை செய்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆப்புக்கு மாறும்போது இதுதான் திரும்ப வரப்போகிறது.

சிம்மைத் தொடாமலேயே எஸ்எம்எஸ்ஸைத் திருப்பிவிடும் வழியும் உண்டு. உலகத்து மொபைல் நிறுவனங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள எஸ்எஸ்7 என்ற பழைய நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. 1970களின் பிற்பகுதியில் உருவாகத் தொடங்கிய அது, நம்பகமான சில தொலைபேசி நிறுவனங்கள் மட்டுமே உள்ளே இருக்கும் என்ற எண்ணத்தில் அமைந்தது. அதனால் 'இந்த எண் இப்போது ரோமிங்கில் எங்கள் நெட்வொர்க்குக்கு வந்திருக்கிறது' என்று ஒரு நெட்வொர்க் சொன்னால், சொந்த நெட்வொர்க் அதை நம்பிச் செய்திகளை அங்கே அனுப்பத் தொடங்கிவிடும். எஸ்எஸ்7 அணுகல் கிடைத்த ஒருவர் இதைப் பொய்யாகவும் சொல்லலாம். 2014 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் ஆய்வாளர்கள் இந்த ஓட்டைகளைச் செய்தே காட்டினார்கள். 2017இல் அதே ஜெர்மனியில், வங்கி வாடிக்கையாளர்களின் ஓடிபிகளை இதே வழியில் பிடித்துக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்தது வெளிவந்தது. திருடர்கள் முதலில் போலி மெயில்கள் அனுப்பி வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல், போன் எண் மூன்றையும் வாங்கிவைத்திருந்தார்கள். அப்புறம் இரவு நேரத்தில் எஸ்எம்எஸ்ஸைத் திருப்பிவிட்டு வேலையை முடித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களின் சிம்மை யாரும் மாற்றவில்லை.

எஸ்எம்எஸ் போகும் வழியில் இன்னும் சில கைகளும் இருக்கின்றன. பெரும்பாலான ஆப்களும் தளங்களும் எஸ்எம்எஸ்ஸை நேரடியாக அனுப்புவதில்லை, அதற்கென்று இருக்கும் இடைநிலை நிறுவனங்கள் வழியாக அனுப்புகின்றன. 2022 ஆகஸ்டில் அப்படிப்பட்ட ஒரு பெரிய நிறுவனமான ட்விலியோவுக்குள் தாக்குதல்காரர்கள் நுழைந்தபோது, சிக்னல் செயலியின் ஏறத்தாழ 1,900 பயனர்களுடைய எண்களோ அவர்களுக்குப் போன சரிபார்ப்பு எஸ்எம்எஸ் எண்களோ வெளியே தெரிந்திருக்கலாம் என்று சிக்னல் அறிவித்தது. அந்த 1,900 பேர் என்ன கவனமாக இருந்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது.

இனி ஆப்புக்கு வருவோம். ஆத்தென்டிகேட்டர் ஆப்புக்கு அந்த ஆறு இலக்க எண் எங்கிருந்தும் வருவதில்லை. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு ஆப்பைத் திறந்து பாருங்கள், சிம்மையே கழற்றிவிட்டும் பாருங்கள். எண் பாட்டுக்கு 30 வினாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருக்கும். ஒரு தளத்தை முதல் நாள் ஆப்பில் சேர்க்கும்போது அந்தத் தளம் காட்டும் க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்கிறோமே, அதற்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. கட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் இப்படி ஒரு வரி கிடைக்கும்:

```
otpauth://totp/Example:me@example.com?secret=GEZDGNBVGY3TQOJQGEZDGNBVGY3TQOJQ&issuer=Example
```

`secret=` என்பதற்கு அடுத்து இருப்பதுதான் சாவி. அது உங்கள் போனிலும் அந்தத் தளத்தின் சர்வரிலும் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே கணக்கைப் போடுகின்றன. அந்தக் கணக்கு ரகசியம் இல்லை, RFC 6238 என்ற ஆவணமாக 2011இல் பொதுவில் வெளியிட்டிருக்கிறார்கள். அதனால்தான் எந்த நிறுவனத்தின் ஆத்தென்டிகேட்டர் ஆப்பானாலும் அனேகமாக எல்லாத் தளங்களுக்கும் பொருந்துகிறது.

கணக்கை ஒருமுறை போட்டே பார்க்கலாம். மேலே இருக்கும் சாவி நிஜக் கணக்கு எதனுடையதும் இல்லை. அந்த ஆவணத்திலேயே சோதனைக்கென்று கொடுத்திருக்கும் சாவி. 1970 ஜனவரி 1, உலக நேரம் நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடி ஆகியிருக்கிறது என்று எடுத்து 30ஆல் வகுக்க வேண்டும். 59வது வினாடி என்றால் விடை 1, மீதியை விட்டுவிடலாம். இந்த 1ஐயும் சாவியையும் HMAC-SHA1 என்ற கணக்குக்குள் போட்டால் 20 பைட் நீளத்தில் ஒரு விடை வரும்:

```
75a48a19d4cbe100644e8ac1397eea747a2d33ab
```

கடைசி எழுத்து b. பதினாறடி எண்முறையில் அது 11. முதல் பைட்டை 0 என்று வைத்து எண்ணிக்கொண்டு போய், 11வது பைட்டிலிருந்து நான்கு பைட் எடுத்தால் c1397eea. அதன் முதல் பிட்டை மட்டும் நீக்கிவிட்டு நாம் எழுதும் பத்தடி எண்ணாக மாற்றினால் 1094287082. கடைசி ஆறு இலக்கம் 287082. ஆப் காட்டுவது இதைத்தான். லினக்ஸ் கணினியில் oathtool இருந்தால் நீங்களே சரிபார்க்கலாம்:

```
oathtool --totp -b --now "1970-01-01 00:00:59 UTC" GEZDGNBVGY3TQOJQGEZDGNBVGY3TQOJQ
```

இந்தக் கணக்கில் போன் எண் எங்கேயாவது வந்ததா? வரவில்லை. சாவி, நேரம், இவ்வளவுதான். உங்கள் பெயரில் யார் எந்தக் கடையில் எத்தனை சிம் வாங்கினாலும் இந்தச் சாவி அவர்களுக்குக் கிடைக்காது. எஸ்எஸ்7இல் திருப்பிவிட எஸ்எம்எஸ்ஸும் இல்லை, இடைநிலை நிறுவனமும் இல்லை. ஆப் எதனால் பலமானது என்று கேட்டால் என் பதில் இவ்வளவுதான்.

அந்தச் சாவியை வைத்தே எல்லாம் நடப்பதால், அதைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பாகிறது. க்யூஆர் கட்டத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கேலரியில் வைக்காதீர்கள். அந்தப் படம் போட்டோக்களோடு சேர்ந்து கிளவுடுக்குப் போகும். படம் கிடைத்தவர் தன் போனில் ஸ்கேன் செய்தால் உங்களுக்கு வரும் அதே எண் அவருக்கும் வரும், அதுவும் நீங்கள் சாவியை மாற்றும் வரைக்கும். ஒரு எஸ்எம்எஸ் ஓடிபி திருடு போனால் அந்த ஒரு தடவையோடு போச்சு. சாவி போனால் அப்படியில்லை.

இனி நான் மிகவும் வலியுறுத்தும் விஷயம். ஆப்பைப் போட்ட பிறகும் அந்தக் கணக்கில் போன் எண்ணை மாற்று வழியாக விட்டுவைத்தால், சிம் மாற்று மோசடிக்கு எதிராக உங்கள் நிலை ஏறத்தாழ பழையபடிதான். நிறையத் தளங்களில் ஆப் எண்ணைக் கேட்கும் திரையிலேயே 'வேறு வழியில் முயல்க' என்று ஒரு இணைப்பு இருக்கும். அதைத் தொட்டால் எஸ்எம்எஸ் அனுப்பட்டுமா என்று கேட்கும். திருடர் வருவது அந்த வழியாகத்தான், நீங்கள் ஆசையாகப் போட்ட ஆப்பை அவர் தொடக்கூட வேண்டியதில்லை. எஸ்இசி வழக்கில் பார்த்ததுபோல, கடவுச்சொல்லை மீட்கும் பக்கமும் இப்படித்தான்.

செட்டிங்ஸில் எழுதியிருப்பதை நம்பாமல் நீங்களே திருடராக இருந்து பார்ப்பது நல்லது. பிரவுசரில் பிரைவேட் சாளரம் ஒன்றைத் திறந்து, உங்கள் மெயிலுக்குள் நுழையுங்கள். கடவுச்சொல்லைப் போட்டதும் ஆப் எண் கேட்கும். அங்கே நிறுத்தி, வேறு வழி என்ற இணைப்பைத் தொட்டு, என்னென்ன வழிகளைக் காட்டுகிறது என்று பாருங்கள். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்து, கடவுச்சொல் மறந்துவிட்டதாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டில் எங்கேயாவது உங்கள் போன் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைக் காட்டி 'இதற்கு அனுப்பவா' என்று கேட்டால் கதவு இன்னும் திறந்திருக்கிறது. இதை மற்றக் கணக்குகளுக்கு முன்னால் மெயிலுக்குச் செய்ய வேண்டும். மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மெயில் வழியாகத்தான் மீட்கிறோம், மெயில் போனால் மற்றவை பின்னாலேயே போகும்.

கணக்கிலிருந்து போன் எண்ணை நீக்குவதற்கு முன்னால் உங்களுக்கென்று வேறு வழி ஒன்றை ஏற்பாடு செய்துவிடுங்கள், இல்லையென்றால் போன் தொலைந்த அன்றைக்கு நீங்களே வெளியே நிற்க வேண்டிவரும். அதற்குத்தான் தளமே முன்கூட்டித் தரும் பேக்கப் கோடுகள். ஒரு கோடு ஒரு தடவைக்குத்தான் செல்லும். அவற்றைப் பேப்பரில் எழுதி அல்லது அச்சிட்டு, முக்கியமான ஆவணங்கள் வைக்கும் இடத்தில் வையுங்கள். போனுக்குள்ளேயே வைத்தால் போனோடு போய்விடும். பழைய போனோ டேப்லெட்டோ இருந்தால் அதே க்யூஆர் கட்டத்தை அதிலும் ஸ்கேன் செய்யலாம். இரண்டிலும் ஒரே எண்தான் வரும். புது போன் வாங்கினால் ஆப்பில் இருக்கும் கணக்குகளை அதற்கு மாற்றி, நுழைந்து பார்த்து உறுதி செய்த பிறகுதான் பழையதை அழிக்க வேண்டும்.

சாவிகளைக் கிளவுடில் தானாகச் சேமிக்கும் வசதி இப்போது பல ஆப்களில் இருக்கிறது. போன் தொலைப்பவர்களுக்கு அது பெரிய உதவி. அதன் விலை என்னவென்றால், அந்தக் கிளவுடு கணக்குக்குள் நுழைபவருக்கு உங்கள் சாவிகள் மொத்தமாகக் கிடைக்கலாம். 2023 ஆகஸ்டில் ரீடூல் என்ற மென்பொருள் நிறுவனத்தில் இது நடந்தது. ஒரு ஊழியரைப் போலி எஸ்எம்எஸ்ஸாலும் போலி அழைப்பாலும் ஏமாற்றி அவருடைய கூகுள் கணக்குக்குள் போனவர்களுக்கு, அதில் சேமிப்பாகியிருந்த ஆத்தென்டிகேட்டர் சாவிகளும் சேர்ந்தே கிடைத்தன. எனவே இந்த வசதியை வைத்துக்கொண்டால், கிளவுடு கணக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பலமாக இருக்க வேண்டும், அதன் மீட்பு வழியில் போன் எண் இருக்கவே கூடாது.

ஆப் எண் சரியாகத்தான் போடுகிறேன், தளம் ஏற்கவில்லை என்று சிலர் தவிப்பார்கள். பெரும்பாலும் போனின் நேரம் விலகியிருக்கும். எண் நேரத்திலிருந்து பிறப்பதால், கடிகாரம் ஒரு நிமிடம் பின்தங்கியிருந்தாலே நீங்கள் போடுவது சர்வருக்கு ஏற்கெனவே முடிந்துபோன எண்ணாகிவிடும். தாமதத்துக்காக சர்வர் கொடுக்கும் இடம் வழக்கமாக முன்பின் ஒரு 30 வினாடிதான். போனின் தேதி நேரத்தைத் தானியங்கியில் போட்டால் சரியாகிவிடும்.

ஆப்பும் தடுக்காத ஒன்று உண்டு, அதை மறைத்துவிட்டு ஆப்பைப் பரிந்துரைப்பது நியாயமில்லை. போலித் தளம். உங்கள் வங்கியின் பக்கம் மாதிரியே ஒரு பக்கம், நீங்கள் கடவுச்சொல்லைப் போடுகிறீர்கள், அது அதே நொடியில் நிஜத் தளத்தில் அதைப் போடுகிறது. நிஜத் தளம் எண் கேட்கும், போலியும் உங்களிடம் கேட்கும். நீங்கள் ஆப்பைப் பார்த்துப் போடும் எண் 30 வினாடிக்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். நிஜத் தளத்துக்கு எண் சரி, அவ்வளவுதான் தெரியும். எந்தப் பக்கத்தில் தட்டினீர்கள் என்று தெரியாது. இந்த இடத்தில் எஸ்எம்எஸ்ஸும் ஆப்பும் ஒன்றுதான்.

2022இல் ட்விலியோவைத் தாக்கியவர்கள் அதே சமயத்தில் க்ளவுட்ஃப்ளேர் நிறுவன ஊழியர்களுக்கும் இப்படிப்பட்ட போலி இணைப்பை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினார்கள். மூன்று ஊழியர்கள் ஏமாந்து கடவுச்சொல்லைப் போட்டேவிட்டார்கள். ஆனாலும் தாக்குதல் நின்றது. அந்த நிறுவனத்தில் நுழைய ஆறு இலக்க எண்ணுக்குப் பதிலாக யுஎஸ்பி போல இருக்கும் பாதுகாப்புச் சாவி வேண்டும். அந்தச் சாவி பதில் சொல்வதற்கு முன், பிரவுசர் நிற்கும் தளத்தின் முகவரியையும் கணக்கில் சேர்க்கிறது. முகவரி போலியானால் நிஜத் தளத்தில் செல்லும் பதில் கிடைக்காது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக இப்போது வரும் பாஸ்கீயும் இதே கொள்கையில் இயங்குவதுதான். உங்கள் மெயிலில் பாஸ்கீ வசதி இருந்தால் ஆப்போடு நிற்காமல் அதையும் போடுங்கள் என்றே சொல்வேன். மற்ற இடங்களில், ஆப் எண்ணைப் போடுவதற்கு முன் முகவரிப் பட்டையைப் பார்க்க வேண்டியது நீங்கள்தான். யார் போன் செய்து கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள்.

அப்படியானால் எஸ்எம்எஸ் ஓடிபியையே அணைத்துவிடவா என்றால், வேறு வழி தராத இடத்தில் அணைக்காதீர்கள். 2019இல் கூகுள் வெளியிட்ட ஆய்வில், எஸ்எம்எஸ் எண் கேட்பதே தானியங்கித் தாக்குதல்கள் அனைத்தையும், மொத்தமாக அனுப்பும் போலி மெயில் தாக்குதல்களில் 96 சதவீதத்தையும் தடுத்தது. ஒருவரையே குறிவைத்து வரும் தாக்குதல்களில் 76 சதவீதம்தான் தடுத்தது. வெறும் கடவுச்சொல்லுக்கு எஸ்எம்எஸ் எவ்வளவோ மேல். உங்களையே தேடி வருபவரிடம்தான் அது தோற்கிறது. பல வங்கிகளில் இன்னும் எஸ்எம்எஸ் ஒன்றுதான் இருக்கிறது. அங்கே போன் எண்ணையே காப்பாற்ற வேண்டியதுதான் வழி. உங்கள் மொபைல் நிறுவனத்தில் சிம் மாற்றத்துக்கும் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதற்கும் தனிப் பின் எண் அல்லது பூட்டு போடும் வசதி இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் போட்டுவிடுங்கள்.

போனில் இருக்கும் சிம் பின் எண் இதற்கு உதவாது, ஏனென்றால் திருடர் வாங்குவது புது சிம். ஆனால் போனே திருடு போகும் நாளில் அது உதவும். லாக் போட்ட போனிலிருந்து சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அங்கே வரும், சிம் பின் இருந்தால் வராது. பூட்டிய திரையில் எஸ்எம்எஸ்ஸின் உள்ளடக்கம் தெரிவதையும் அணைத்துவிடுங்கள். லாக்கைத் திறக்காமலேயே ஓடிபியைப் படிக்க முடிந்தால், நீங்கள் சொன்ன அந்த லாக்குக்கும் ஓடிபிக்கும் சம்பந்தமில்லாமல் போகிறது.

சிம் மாறிவிட்டது என்று தெரிந்துகொள்ள உங்களுக்குக் கிடைக்கும் முதல் அடையாளம் சிக்னல். சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் அதே நிறுவனத்தின் சிக்னல் இருந்து, உங்கள் போனில் மட்டும் திடீரென்று 'சேவை இல்லை' என்று வந்து, போனை அணைத்துப் போட்டும் திரும்பவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். 'உங்கள் சிம் மாற்றக் கோரிக்கை பெறப்பட்டது' என்ற மாதிரி எஸ்எம்எஸ் அதற்குச் சற்று முன்னால் வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இன்னொருவர் போனிலிருந்து முதலில் மொபைல் நிறுவனத்துக்கு அழைத்து எண்ணை முடக்கச் சொல்லுங்கள், அடுத்து வங்கிக்கு அழைத்துக் கணக்கை நிறுத்திவையுங்கள். பிறகு வைஃபையில் மெயிலைத் திறந்து, நுழைந்திருக்கும் எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றிவிட்டு, மீட்பு எண்ணை நீக்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். உங்கள் போனில் சிம் செத்திருந்தாலும் ஆத்தென்டிகேட்டர் ஆப் எண் காட்டிக்கொண்டேதான் இருக்கும், அதை வைத்து மெயிலுக்குள் நுழைந்துவிடலாம்.